மொய் வேண்டாம், கண்ணாடி போதும்: பக்கத்து வீட்டாருக்கு ஒரு விளையாட்டு அழைப்பு

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் எங்கள் வீடு. மாதம் ஒரு ஞாயிறு, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டுப் போர்டு கேம் என்று சொல்லும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் புது மாதிரி விளையாட்டுகளை விளையாடுகிறோம். இப்போது ஒழுங்காக நடக்கிறது. முதல் மாதம் நடந்தது வேறு கதை. பதினெட்டு வீட்டுக்குக் கடிதம் கொடுத்தேன், வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர், வராமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று வந்தவர்.

விளையாட்டில் குறையில்லை, கடிதத்தில்தான் இருந்தது. இதே மாதிரி உங்கள் தெருவில் செய்ய நினைப்பவர்களுக்காக, அந்தக் கடிதம் ஏன் வேலை செய்யவில்லை, அடுத்ததை எப்படி எழுதினேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் கடிதத்தை வாங்குபவர் என்ன நினைப்பார் என்று பாருங்கள்

என் முதல் கடிதம் கம்ப்யூட்டரில் அடித்து, நல்ல தாளில் பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டது. "அன்புடையீர், வணக்கம்" என்று தொடங்கியது. "மாதாந்திர போர்டு கேம் ஈவினிங்" என்று தலைப்பு. இரவு 7 மணி முதல் 10 மணி வரை. கீழே ஐந்து விளையாட்டுகளின் பெயர், ஒவ்வொன்றும் எந்த வருடம் என்ன விருது வாங்கியது என்ற விவரம். "அனைவரும் வருக, அனுமதி இலவசம்" என்று முடிவு.

பிறகு ஒவ்வொருவராகப் பேச்சுக் கொடுத்தபோதுதான் அவர்கள் அதை எப்படிப் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. கவரைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அக்கா, காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ என்று நினைத்திருக்கிறார். எங்கள் பக்கம் கவரில் அழைப்பு வந்தால் மொய் எழுத வேண்டும் என்று அர்த்தம். மாதாந்திர என்று வேறு போட்டிருந்ததா, மாதாமாதம் மொய்யா என்று பயந்துவிட்டார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கவரைப் பிரிக்கும்போது சிரித்திருக்க மாட்டார்.

"கேம்" என்ற சொல்லை மூலைவீட்டு அண்ணன் செல்போன் ரம்மி என்று எடுத்துக்கொண்டார். அதில் காசு தொலைத்தவர்களை எல்லாருக்கும் தெரியும், அவர் வீட்டில் கடிதத்தை உடனே கிழித்துப் போட்டுவிட்டார்கள். "அனுமதி இலவசம், டீ உண்டு" என்பதைப் படித்த இன்னொரு வீட்டில், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினோ சத்து மாவோ விற்கிற கூட்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இலவசமாக டீ கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, கடைசியில் "நீங்களும் நாலு பேரைச் சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லும் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது போய் மாட்டியவர்கள் இங்கே அநேகம் பேர். நானும் மாட்டியிருக்கிறேன்.

மொய், சூதாட்டம், விற்பனை. புது விளையாட்டு ஒன்றும் தெரியாதவர் மனதில் முதலில் வருகிற சந்தேகங்கள் இந்த மூன்றும்தான். கடிதத்தின் பாதி வேலை இவற்றைத் தீர்ப்பது. "இது மூளைக்கு நல்லது", "குடும்ப உறவு வளரும்" என்றெல்லாம் எழுதினால் விற்பனைச் சந்தேகம் இன்னும் கூடத்தான் செய்யும்.

அடுத்து, ஒரே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள்

கடிதம் எழுதும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். ஏனென்றால் எத்தனை பேரைக் கூப்பிடுவது, எத்தனை மணிக்கு முடிப்பது, வயது என்ன போடுவது எல்லாம் விளையாட்டைப் பொறுத்தது.

முதல் மாதம் நான் கேட்டான் என்ற விளையாட்டை எடுத்து வைத்திருந்தேன். 1995-இல் ஜெர்மனியில் வந்தது, எனக்கு உயிர். ஆனால் பெட்டியில் 3 முதல் 4 பேர் என்றுதான் போட்டிருக்கும், அதற்கு மேல் ஆள் சேர்க்கத் தனிப் பெட்டி வாங்க வேண்டும். விதி சொல்லவே இருபது நிமிடம் ஆகிவிட்டது. மரம், செங்கல், கம்பளி, கோதுமை, தாது என்று ஐந்து பொருளைப் பண்டமாற்று செய்ய வேண்டும். பகடையில் ஏழு விழுந்தால் திருடனை நகர்த்தி அடுத்தவர் கார்டை எடுக்க வேண்டும். முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரரிடம் திருடச் சொன்னால் யாருக்கும் கை வராது. மாடிவீட்டுக்காரர் கடைசி வரை என் கார்டை எடுக்கவே இல்லை.

இரண்டாவது மாதத்துக்கு க்வர்கிளை எடுத்தேன். 108 மரக் காய்கள், ஆறு நிறம், ஆறு வடிவம், ஒவ்வொரு நிறத்திலும் ஒவ்வொரு வடிவத்துக்கும் மூன்று மூன்று காய். ஆளுக்கு ஆறு காய். ஒரு வரிசையில் எல்லாம் ஒரே நிறமாக இருந்து வடிவம் மட்டும் மாற வேண்டும், அல்லது எல்லாம் ஒரே வடிவமாக இருந்து நிறம் மட்டும் மாற வேண்டும். ஒரே காய் ஒரு வரிசையில் இரண்டு தடவை வரக் கூடாது. வரிசையில் எத்தனை காயோ அத்தனை புள்ளி. ஆறும் நிரம்பினால் இன்னொரு ஆறு சேர்ந்து பன்னிரண்டு. விதி ஏறக்குறைய இவ்வளவுதான். எங்கள் தெருவுக்கு இது பொருந்துவதற்குப் பெரிய காரணம், காயில் எழுத்தே கிடையாது. இங்கே வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள், கன்னடம் பேசுபவர்கள், உருது பேசுபவர்கள் எல்லாரும் கலந்து இருக்கிறார்கள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எல்லாராலும் வேகமாகப் படிக்க முடியாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெட்டிக்கு 2 முதல் 4 பேர். அதைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது: இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து உட்கார வையுங்கள். நான்கு ஜோடி என்றால் எட்டுப் பேர். புதியவர்களுக்கு இது தனியாக விளையாடுவதைவிட நல்லது. இருவரும் காதோடு காது பேசி முடிவெடுப்பார்கள், தப்பாகப் போனால் வெட்கம் பாதியாகப் பிரிந்துவிடும். பாட்டியோடு பேரன், அண்ணனோடு எதிர்வீட்டுப் பையன் என்று வீடு மாற்றி ஜோடி போடுவது என் வழக்கம். கணவன் மனைவியை மட்டும் ஒரே ஜோடியாகப் போடாதீர்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

நான் விளையாட மாட்டேன், சொல்லிக் கொடுத்துப் புள்ளி எழுதுவேன். ஆக எட்டு இடமும் வருகிறவர்களுக்கு. வீட்டுக்கு இரண்டு பேர் என்று வைத்தால் நான்கு வீடு. பதினெட்டு வீட்டுக்குக் கொடுத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாரும் வந்திருந்தால் அதைவிட மோசமாகப் போயிருக்கும்.

நாள், நேரம்

இரவு 7 மணி யாருக்கும் ஒத்துவராது. சமையல், சீரியல், மறுநாள் ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்கு விடிவதற்குள் எழுந்திருக்க வேண்டியவர்கள். ஞாயிறு மதியம் கறிச்சோறு, ஒரு தூக்கம், எழுந்து முகம் கழுவினால் 4 மணி. அதுதான் நல்ல நேரம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டும், அதனால் 6 மணிக்கு முடிய வேண்டும்.

தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரத்தை எழுதுவது முக்கியம். எப்போது விடுவார்கள் என்று தெரியாத இடத்துக்கு யாரும் வர மாட்டார்கள். க்வர்கிளுக்குப் பெட்டி சொல்லும் கணக்கு முக்கால் மணி நேரம். புதியவர்கள், அதுவும் ஜோடியாக என்றால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். 4 மணி என்று எழுதினால் நம் ஊரில் 4.25-க்கு வருவார்கள். ஆக 4.30-க்குத் தொடங்கி 5.45-க்கு முடிக்கலாம், 6 மணிக்குச் செருப்பு மாட்டிவிடலாம். நாள்காட்டியில் அந்த ஞாயிறு முகூர்த்த நாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய முகூர்த்தம் என்றால் தெருவே காலியாக இருக்கும். மாங்காய் சீசனில் தோப்பு வைத்திருப்பவர்களும் கூழ் ஃபாக்டரிக்குப் போகிறவர்களும் ஞாயிறு என்றுகூடப் பார்க்க முடியாது. அவர்களுக்கு அந்த மாதங்களில் கடிதம் கொடுப்பதில்லை, சீசன் முடிந்ததும் கொடுக்கிறேன்.

இப்போது கடிதம்

கோடு போட்ட நோட்டுத் தாளில், கையால், பெரிய எழுத்தில் எழுதினேன். கவர் இல்லை, மூலையில் மஞ்சள் இல்லை. நான்கு வீட்டுக்கும் தனித்தனியாக எழுதினேன். எதிர்வீட்டுக்குக் கொடுத்தது இது:

> அக்கா, அண்ணா, பாட்டி, தம்பி எல்லாருக்கும் வணக்கம்.
>
> வேப்பமரத்து வீட்டிலிருந்து எழுதுகிறேன். வரும் 14-ஆம் தேதி, இரண்டாவது ஞாயிறு, சாயந்திரம் 4 மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் நம் தெருக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடப் போகிறோம். 6 மணிக்கு முடிந்துவிடும். உங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் வர வேண்டும்.
>
> தாயம் மாதிரி உட்கார்ந்து விளையாடுவதுதான், ஆனால் இது புதுசு. ஆறு நிறத்தில் மரக் காய்கள். ஒரே நிறம் அல்லது ஒரே வடிவம் சேருகிற மாதிரி வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டும். படிக்க எழுத்து ஒன்றும் இல்லை. வந்த பிறகு ஐந்து நிமிடத்தில் நான் சொல்லித் தருகிறேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கையாக விளையாடலாம். சும்மா பார்க்க வந்தாலும் சரி.
>
> காசு வைத்து ஆடுவது இல்லை. நான் எதையும் விற்கவில்லை, எதிலும் சேரச் சொல்ல மாட்டேன். கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். பாட்டி வந்தால் கண்ணாடி மட்டும் எடுத்து வரட்டும். டீயும் சுண்டலும் இருக்கும். தம்பி தாராளமாக வரலாம், 8 வயது ஆகிவிட்டதே.
>
> நாற்காலி போட வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்து, யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கீழே என் பெயர், செல் நம்பர். அவ்வளவுதான்.

சில வரிகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

முதல் வரியில் வீட்டில் இருக்கும் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறேன். ஆம்பளை பெயரை மட்டும் மேலே எழுதினால் அது அவருக்கு வந்த கடிதம். அவர் படித்துவிட்டு டிவி மேல் வைத்துவிடுவார். பாட்டியின் பெயரோ முறையோ தாளில் இருந்தால் யாராவது அவரிடம் போய் "உன்னையும் கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்வார்கள். எங்களுக்கு வந்த முதல் பாட்டி அப்படித்தான் வந்தார்.

"எட்டுப் பேர்" என்ற எண் ஏன்? பெரிய கூட்டம் இல்லை, மைக் இல்லை, மேடை இல்லை என்று அந்த ஒரு எண் சொல்லிவிடும். தவிர, தனக்கென்று ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் தெரியும். "அனைவரும் வருக" என்றால் நான் போகாவிட்டால் என்ன என்று தோன்றும்.

விளையாட்டின் பெயரை எழுதவே இல்லை, கவனித்தீர்களா? க்வர்கிள் என்று எழுதினால் வாசலிலேயே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 2011-இல் ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது வாங்கியது என்பதும் அந்த அக்காவுக்கு ஒன்றும் சொல்லாது. தாயம் என்றால் புரியும், காய் என்றால் புரியும். "போர்டு கேம்" என்பதை எடுத்துவிட்டு "உட்கார்ந்து விளையாடுவது" என்று போட்டதில் செல்போன் சந்தேகம் அப்படியே போய்விட்டது. ஒப்பிடுவதற்கு ரம்மியை மட்டும் இழுக்காதீர்கள். ஒரே இனத்தைச் சேர்ப்பது என்ற வகையில் ரம்மிதான் இதற்கு நெருக்கம், ஆனால் அந்தப் பெயர் வந்ததும் காசு ஞாபகம் வரும்.

கண்ணாடி விஷயம் அனுபவத்தில் வந்தது. இந்தக் காய்களில் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலான வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். கறுப்புக் காயின் மேல் நிறம் என்பதால் இன்னும் சிரமம். முதலில் வீட்டு ஆட்களோடு மஞ்சள் பல்பின் கீழ் விளையாடிப் பார்த்தபோது என் மாமியார் சிவப்பு வரிசையில் ஆரஞ்சை வைத்துவிட்டு என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். வெள்ளை லைட்டின் கீழ், ஜன்னல் பக்கம் மேசையைப் போடுங்கள். யாராவது இரண்டாவது தடவை அந்தத் தப்பைச் செய்தால் அது கவனக்குறைவு இல்லை, கண்ணுக்குப் பிரித்துத் தெரியவில்லை என்று புரிந்துகொண்டு அவருக்கு நல்ல கண் உள்ள ஜோடியைக் கொடுங்கள். பேசாமல் செய்யுங்கள்.

வயதைப் பொறுத்தவரை, பெட்டியில் 6 என்றுதான் இருக்கும். நான் 8 என்று வைத்திருப்பது நான் அடுத்துச் சொல்லப்போகும் இன்னொரு விளையாட்டுக்காக. கைக்குழந்தை வந்தால் காய் வாய்க்குப் போய்விடும், அதனால் மேசையிலிருந்து தள்ளி ஒரு பாய் விரித்து வைக்கிறேன்.

கொடுக்கும் முறை

தெரு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். காலை வணக்கம் படங்களுக்கும் தண்ணீர் வரும் நேரத்துக்கும் நடுவில் அது காணாமல் போய்விடும். அப்படியே யாராவது பார்த்தாலும் எட்டுக்குப் பதில் பதினைந்து பேர் வந்து நிற்பார்கள். ஒரு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, பால் வாங்கவோ கோலம் போடவோ வெளியே வரும் நேரத்தில் நேரில் போய்க் கொடுங்கள். தாளைக் கையில் கொடுத்துவிட்டு, படிக்கச் சொல்லாமல், நீங்களே வாயால் இரண்டு வரி சொல்லுங்கள். தமிழ் படிக்கச் சிரமப்படுபவர்களுக்குச் சங்கடம் இருக்காது.

பதில் "பார்க்கலாம்ங்க" என்று வரும். நம் ஊரில் அதற்கு வர மாட்டோம் என்பதில் தொடங்கி நேரம் கிடைத்தால் வருகிறோம் என்பது வரை எல்லா அர்த்தமும் உண்டு. அங்கேயே அழுத்திக் கேட்கக் கூடாது. அதற்குத்தான் வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் "வருகிறீர்களா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு "வர்றோம்" என்று சொல்லிவிடுவார்கள். "பாட்டியும் தம்பியும் வர்றாங்களா, இல்ல நீங்களும் அண்ணனுமா? நாற்காலி எண்ணணும்" என்று கேளுங்கள். ஆள் பெயரோடு பதில் வந்தால் வருவார்கள். "யாராவது வருவோம்" என்றால் அந்த இடத்தைக் காலி என்று எண்ணி, ஐந்தாவது வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு செல்லில் ஒரு வரி ஞாபகப்படுத்தினால் போதும்.

எண்ணிக்கை தப்பினால்

எப்படியும் தப்பும். அந்த 14-ஆம் தேதி எட்டுப் பேருக்குப் பதில் 4.10-க்கு மூன்று பேர்தான் இருந்தார்கள், 4.40-க்குப் பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். இதற்காகவே முதல் அரை மணி நேரத்துக்கு ஜஸ்ட் ஒன் என்ற விளையாட்டை வைத்திருக்கிறேன். பெட்டியில் 3 முதல் 7 பேர், 8 வயதுக்கு மேல் என்று இருக்கும். ஆனால் பெட்டி இல்லாமலும் ஓட்டலாம். துண்டுத் தாளும் பேனாவும் போதும்.

ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்களுக்கு ஒரு சொல்லைக் காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் அதற்கு ஒரே ஒரு சொல்லில் துப்பு எழுத வேண்டும், அடுத்தவருக்குக் காட்டாமல். பிறகு துப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே சொல்லை இரண்டு பேர் எழுதியிருந்தால் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். மிச்சம் இருப்பதை வைத்து முதலாமவர் கண்டுபிடிக்க வேண்டும். யாரும் தோற்பதில்லை, எல்லாரும் ஒரே கட்சி. நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் ஒரு தாளைக் கொடுத்தால் முடிந்தது. எழுதத் தயங்குபவர் பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லி எழுத வைக்கலாம்.

சொற்களை நானே தமிழில் எழுதி வைத்தேன். அணை, சந்தை, செருப்பு, மாமியார் என்று முப்பது சொல். அன்றைக்கு "மாம்பழம்" வந்தது. ஐந்து பேர் துப்பு எழுதினார்கள். பிரித்துப் பார்த்தால் நான்கு தாளில் "கிருஷ்ணகிரி". நான்கும் போய்விட்டன. மிச்சம் இருந்தது பாட்டி சொல்லிப் பேரன் எழுதிய ஒரே தாள்: "வயித்துவலி". கண்ணைத் திறந்த அண்ணன் அதையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "பரீட்சை" என்றார். அதற்குப் பிறகு யாரும் மணி பார்க்கவில்லை.

பத்துப் பேர் ஆனதும் க்வர்கிளுக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். இரண்டு ஜோடியை மூவராக ஆக்கிவிட்டேன். அதற்கு மேல் சேர்க்காதீர்கள். நான்கு பேர் ஒரு கை என்றால் ஒருவர் விளையாடுவார், மூன்று பேர் சீரியல் கதை பேசுவார்கள். இன்னும் ஆள் வந்தால் ஜஸ்ட் ஒன் இன்னொரு பக்கம் ஓடட்டும்.

அடுத்த மாதக் கடிதம்

இது நான்கு வரி போதும். வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நாள், நேரம், இந்தத் தடவை என்ன புதுசு என்று மட்டும் எழுதுங்கள். எதிர்வீட்டுக்குக் கொடுத்த அந்தக் கடிதத்தில் "மாதாமாதம்" என்று நான் எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு தடவை வரச் சொன்னால் வருவார்கள். வருடம் முழுக்க என்றால் யோசிப்பார்கள். வந்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று, "அடுத்த மாசமும் ரெண்டாவது ஞாயிறுதான்" என்று வாயால் சொன்னால் போதும்.

ஒரு தடவை, போன மாதம் ஜெயித்தவர்கள் பெயரைக் கடிதத்தில் எழுதிவிட்டேன். மரியாதையாக இருக்கும் என்றுதான். கடைசியில் வந்த ஜோடி அடுத்த இரண்டு மாதம் வரவில்லை, கேட்டால் வேலை என்றார்கள். இப்போது புள்ளி எழுதிய தாளை அன்றைக்கே கிழித்துவிடுகிறேன். அதற்குப் பதிலாக "வயித்துவலி" கதையை ஒரு வரியில் எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போனபோது, முதல் மாதம் கவரைப் பார்த்துப் பயந்த அக்கா வாசலிலேயே படித்துவிட்டு, "எங்க வீட்ல மூணு பேர், நாற்காலி போட்டுடு" என்றார்.